செய்திமடல் பக்கத்தில் அடங்க மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் ஒன்றின் காலாண்டு மடலை எடுத்துக்கொள்வோம். ஏ4 அளவில் நான்கு பக்கம். ஒரே ஏ3 தாளில் இரண்டு புறமும் அச்சடித்து நடுவில் மடிப்பது. உள்ளே போக வேண்டியவை ஏழு: தண்ணீர் நிலவரம் பற்றிச் செயலாளர் எழுதிய அறிக்கை, ஓய்வு பெறும் காவலாளியின் பேட்டி, ஆண்டுக் கூட்ட அறிவிப்பு, விளையாட்டு விழா, மாடித்தோட்டம் பற்றி ஒரு கட்டுரை, தேர்வில் தேறிய பிள்ளைகளுக்கு வாழ்த்து, வரவு செலவு அட்டவணை. ஒன்று வேர்ட் கோப்பில் வரும், மூன்று வாட்ஸ்அப்பில் வரும், ஒன்று கையால் எழுதிய தாளின் போட்டோவாக வரும்.

இவற்றை லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் சேர்க்கும்போது வரும் கோளாறுகளை, கண்ணில் படுகிற அறிகுறியை வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன். வேர்டில் செய்பவர்களுக்கும் காரணங்கள் பெரும்பாலும் இவையே. மெனுப் பெயர்கள்தான் மாறும்.

அறிகுறி: ஒட்டியதும் "jkpo;" என்று வருகிறது

அது கெட்டுப்போன கோப்பு அல்ல. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பாணிக் கோப்பு. கணினியைப் பொறுத்தவரை அதில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். பாமினி ஃபான்ட் அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருந்தது. உங்கள் மடலின் யூனிகோடு எழுத்துருவுக்கு வந்ததும் போர்வை விலகிவிடுகிறது.

அந்தப் பகுதிக்கு மட்டும் பாமினியையே போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். தலைப்பு ஒரு முகத்திலும் உடல் எழுத்து வேறு முகத்திலும் இருக்கும்; பிறகு எதையும் தேடவும் முடியாது, ஒரே ஸ்டைலுக்குள் கொண்டுவரவும் முடியாது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் யூனிகோடாக மாற்றிவிட்டு, அதன் பிறகு மடலில் ஒட்டுங்கள்.

மாற்றிய பின் ஆங்கிலச் சொற்கள் இருந்த இடங்களைக் கட்டாயம் பாருங்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. செயலாளர் நடுவில் `Lift` என்று எழுதியிருந்தால் அது "டுகைவ" என்று மாறி நிற்கும். எழுத்துப் பிழை பார்ப்பவர் ஏதோ புரியாத தமிழ் என்று தாண்டிப் போய்விடுவார். மூலக் கோப்பை அருகில் திறந்து வைத்துக்கொண்டு, ஆங்கிலம் வந்த இடங்களை மட்டும் ஒரு முறை ஒப்பிட்டாலே போதும்.

அறிகுறி: ஏழு தலைப்பும் ஏழு விதம்

இதற்குப் பாதிக் காரணம் ஒட்டிய முறை. வேர்டிலிருந்தும் வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் எடுத்து ஒட்டும்போது எழுத்தோடு சேர்ந்து அதன் உடுப்பும் வந்துவிடுகிறது. எதையும் `Ctrl+Alt+Shift+V` கொடுத்து வெறும் எழுத்தாக ஒட்டுவதே நல்லது. ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால், அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+M` அடியுங்கள்; கையால் பூசிய வடிவங்கள் உதிர்ந்து ஸ்டைல் மட்டும் மிஞ்சும்.

மீதிப் பாதிதான் பலரைப் பைத்தியமாக அடிக்கிறது. `Heading 1` ஸ்டைலைத் திறந்து அளவை 22 ஆக்குகிறீர்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் பெரிதாகின்றன. தமிழ் அசையவே இல்லை. ரைட்டர் தமிழை ஆங்கிலத்தோடு ஒரே கணக்கில் வைப்பதில்லை. ஒவ்வொரு ஸ்டைலிலும் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு ஃபான்ட், ஒரு அளவு. இந்திய, அரபு எழுத்துகளுக்குத் தனியாக இன்னொரு ஃபான்ட், இன்னொரு அளவு. இந்த இரண்டாவது பகுதிக்குப் பதிப்பைப் பொறுத்து `CTL` அல்லது `Complex` என்று பெயர் இருக்கும். அது கண்ணிலேயே படவில்லை என்றால் `Tools > Options` உள்ளே மொழி அமைப்புக்குப் போய் `Complex text layout` என்பதை டிக் செய்யுங்கள். வேர்டின் ஃபான்ட் பெட்டியிலும் `Complex scripts` என்று இதே பிரிவு உண்டு. "2025 ஆண்டுக் கூட்டம்" என்ற தலைப்பில் 2025 மட்டும் பெரிதாகத் தெரிந்தால், சந்தேகமே வேண்டாம், கோளாறு இங்கேதான்.

நமது மடலுக்கு இரண்டே தலைப்பு ஸ்டைல் போதும். முக்கியமான இரண்டு செய்திகளுக்கு 22 புள்ளி, மற்ற ஐந்துக்கும் 15 புள்ளி. இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே கனத்தில். போல்டு வேண்டுமென்றால் `Noto Sans Tamil` அல்லது `Nirmala UI` போல உண்மையான போல்டு கோப்பு உள்ள எழுத்துருவாக எடுங்கள். அது இல்லாத எழுத்துருவில் `B` பொத்தானை அழுத்தினால் மென்பொருளே கோட்டைத் தடித்துக் காட்டும். ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு மை கொட்டியதுபோல் நிற்கும். சாய்வெழுத்தையும் மறந்துவிடுங்கள். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவம் என்று தனியாக ஒன்று கிடையாது. நிமிர்ந்த எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்க்கிறார்கள், அவ்வளவுதான்.

எழுத்துரு ஒன்றான பிறகும் தலைப்புகள் ஒட்டாமல் இருப்பதாகத் தோன்றினால் வாசகத்தைப் பாருங்கள். "தண்ணீர்ப் பிரச்சினை குறித்த அறிக்கை", "விளையாட்டு விழாவில் கலக்கிய குழந்தைகள்!!", "மாடித்தோட்டம் போடுவது எப்படி?" என்று ஒன்று அலுவலகக் கடிதமாகவும் ஒன்று சுவரொட்டியாகவும் இருந்தால் எந்த ஸ்டைலும் காப்பாற்றாது. செய்திக்கு வினையில் முடியும் தலைப்பு என்று ஒரே முடிவாக எடுங்கள். "இரண்டு போர்வெல்லில் ஒன்று வற்றியது", "ஐந்தாம் தளம் கோப்பையை வென்றது". முற்றுப்புள்ளியும் ஆச்சரியக்குறியும் எதிலும் வேண்டாம். அறிவிப்புக்கும் வாழ்த்துக்கும் மட்டும் பெயரில் முடியும் தலைப்பு இருக்கலாம்; அவை செய்தி இல்லையே.

தலைப்பு இரண்டு வரி ஆகும்போது `Enter` அடிக்காதீர்கள். அது இரண்டு தலைப்பாகிவிடும், நடுவில் தேவையில்லாத இடைவெளி விழும். `Shift+Enter` போடுங்கள். "இரண்டு போர்வெல்லில் / ஒன்று வற்றியது" என்று பொருள் பிரியும் இடத்தில் மடக்க வேண்டும். "வற்றியது" மட்டும் தனியாகக் கீழே தொங்கக் கூடாது.

அறிகுறி: வரிக்குள் ஓட்டை ஓட்டையாக வெள்ளை

இரண்டு ஓரமும் நேராக வரும்படி வைத்திருக்கிறீர்கள், பக்கத்தைச் செங்குத்தாகப் பிரித்த பத்தி ஒடுக்கமாக இருக்கிறது, தமிழ்ச் சொல் நீளம். மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

கணக்காகவே பார்க்கலாம். ஏ4 அகலம் 210 மி.மீ. இரு ஓரமும் 15 விட்டால் 180. மூன்று பத்தி போட்டு நடுவில் 6 மி.மீ. இடைவெளி விட்டால் ஒரு பத்திக்கு 56 மி.மீ. கிடைக்கும். 10 புள்ளித் தமிழ் எழுத்தில் அதில் மூன்று நான்கு சொல்தான் அடங்கும். சொற்களுக்கு நடுவே இருக்கிற இரண்டு மூன்று இடைவெளிகள்தான் மிச்ச இடம் முழுவதையும் தாங்க வேண்டும். அதனால்தான் ஓட்டை. இரண்டு பத்தியாக்கினால் ஒவ்வொன்றும் 87 மி.மீ.; வரிக்கு ஐந்து ஆறு சொல் வரும். ஆங்கில மடல் மாதிரிகளைப் பார்த்து மூன்று பத்தி வைப்பவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். ஏ4-ல் தமிழுக்கு இரண்டு பத்தி என்பதே என் முடிவு. மூன்றுதான் வேண்டும் என்றால் வலது ஓரத்தை நேராக்காமல் விட்டுவிடுங்கள்.

இரண்டு பத்தியிலும் சில வரிகள் பிளக்கும். அந்த வரிக்கு அடுத்த வரியின் முதல் சொல்லைப் பாருங்கள், குற்றவாளி அங்கே இருப்பார். செயலாளர் அறிக்கையில் "மேற்கொள்ளப்பட்டுவருவதாகவும்" என்று ஒரு சொல். அதற்கு இடம் போதாமல் முழுதாகக் கீழே இறங்கியதால் மேல்வரி காலியானது. "நடந்து வருவதாகவும்" என்று மாற்றினால் ஓட்டையும் போகும், தமிழும் தேறும்.

மாற்ற முடியாத பெயர்ச்சொல் என்றால் சொல்லைப் பிரிக்கலாம். `Ctrl+-` அடித்தால் தேவைப்படும்போது மட்டும் தோன்றும் இணைப்புக்கோடு விழும். நாளிதழ்களைப் போல் கோடு இல்லாமல் மடக்க வேண்டுமென்றால் `Insert > Formatting Mark` பட்டியலில் அகலமில்லாத இடைவெளி இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்: "பராமரிப்/பாளர்" சரி, "பராமரி/ப்பாளர்" தவறு. அகலமில்லாத இடைவெளி போட்ட சொல் பிறகு தேடலில் சிக்காமல் போகலாம் என்பதால் இதை நிறையத் தூவாமல், கடைசி மெய்ப்பு பார்க்கும்போது மட்டும் போடுங்கள்.

அறிகுறி: பத்தியாக்கினால் மடலின் பெயரும் பத்தியாகிவிடுகிறது, அல்லது ஒரு பத்தி நிறைந்து மற்றது காலியாக நிற்கிறது

`Format > Columns` பெட்டியில் எதற்குப் பொருந்தும் என்று கேட்கும் இடத்தில் பக்க ஸ்டைல் இருந்திருக்கும். முதலில் கட்டுரையின் எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து `Selection` என்று கொடுங்கள். அந்தக் கட்டுரை தனிப் பிரிவாகும். மேலே உள்ள பெயர்ப்பட்டை முழு அகலத்தில் அப்படியே இருக்கும். இரண்டு பத்தியும் சமமாக நிரம்ப `Format > Sections` உள்ளே `Options` போய் `Evenly distribute contents to all columns` என்பதை டிக் செய்யுங்கள். இந்த வசதி பிரிவுக்குத்தான் உண்டு, பக்க ஸ்டைலுக்கு இல்லை. `Enter` தட்டித் தட்டி எழுத்தை அடுத்த பத்திக்குத் தள்ளியவர்கள், ஒரு சொல்லைத் திருத்தியதும் எல்லாம் கலைவதைப் பார்த்திருப்பார்கள்.

தலைப்பு பத்தியின் அடியிலும் செய்தி அடுத்த பத்தியின் உச்சியிலும் நின்றால், தலைப்பு ஸ்டைலில் `Keep with next paragraph`. எழுத்தின் மேல் சுழியோ "மூ", "ளு" ஆகியவற்றின் அடியோ வெட்டுப்பட்டால், வரி இடைவெளியை நிலையான அளவில் மிகக் குறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். 10 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி கொடுங்கள். தமிழுக்கு 12 போதாது.

அறிகுறி: மேற்கோள் பெட்டி கட்டுரையைக் கெடுக்கிறது

கட்டுரையிலிருந்து ஒரு வரியைப் பெரிதாக எடுத்துப் போடுவது கண்ணை நிறுத்தத்தான். அது எரிச்சலூட்டுகிறது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

ஒன்று, வரியைத் தப்பாகப் பொறுக்கியிருக்கிறீர்கள். காவலாளியின் பேட்டியில் "குடியிருப்பில் உள்ள அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி" என்ற வரியை எடுத்தால் எவரும் பேட்டிக்குள் போக மாட்டார். அதே பேட்டியில் இன்னொரு இடம்: "எந்த வீட்ல எத்தனை மணிக்கு லைட் அணையும்னு தெரியும். அதுல பாதிப் பேரோட பேரு தெரியாது." இதைத்தான் எடுக்க வேண்டும். பேசியபடியே போடுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுவார். கட்டுரைக்குள் எழுத்துத் தமிழில் இருந்தால் அங்கேயும் பேச்சாக மாற்றுங்கள். பெட்டியில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று இருக்கக் கூடாது. அறிவிப்புக்கும் வாழ்த்துக்கும் மேற்கோள் பெட்டி தேவையே இல்லை.

இரண்டு, இடம் தப்பு. இரண்டு பாராக்களுக்கு நடுவில் வைத்தால் வாசகர் அதை உபதலைப்பு என்று நினைத்துக்கொள்வார். ஒரு பாராவின் நடுவிலேயே வையுங்கள். பெட்டிக்கு மேல் வாக்கியம் அரைகுறையாக நிற்பதால் கண் தானாகத் தாண்டிக் கீழே போகும். அந்த வரி உண்மையில் வரும் இடத்துக்கு ஒட்டியும் வேண்டாம், சொன்னதையே சொல்வதுபோல் இருக்கும். அதற்கு முன்னால், குறைந்தது ஒரு பாரா தள்ளி வந்தால் நல்லது. இரண்டு பத்திகளுக்கும் நடுவில் பெட்டியைச் செருகுவது திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இருபுறமும் 87 மி.மீ. பத்தி ஐம்பதுக்குச் சுருங்கி, மேலே விரட்டிய ஓட்டையெல்லாம் திரும்பி வரும். ஒரே பத்திக்குள், பத்தியின் முழு அகலத்தில் வையுங்கள்.

மூன்று, பெட்டி ஊர்ந்துபோகிறது. மேலே நாலு வரி சேர்த்ததும் அது வேறு பக்கத்துக்கு ஓடிவிடும் அல்லது எழுத்தின் மேலேயே ஏறி உட்காரும். `Insert > Frame` வழியாகப் போட்டு, `Anchor` என்பதில் `To paragraph` கொடுத்து, அதே கட்டுரையின் பாராவோடு கட்டுங்கள். பக்கத்தோடு கட்டினால் கட்டுரை நகரும், பெட்டி நகராது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 14 புள்ளி எழுத்து, 20 புள்ளி வரி, நான்கு வரிக்கு மேல் வேண்டாம். நாலு வரிக்கு 80 புள்ளி. மேலும் கீழும் சேர்த்து 25 விட்டால் 105. உடல் எழுத்தின் வரி 15 புள்ளி என்பதால் இது சரியாக ஏழு வரி. இப்படி 15-இன் மடங்காக வைத்தால்தான் பெட்டிக்குக் கீழே வரும் வரியும் பக்கத்துப் பத்தியின் வரியும் ஒரே மட்டத்தில் நிற்கும். தலைப்புகளுக்கும் அதே கணக்கு: பெரியது இரண்டு வரியும் இடைவெளியும் சேர்ந்து 75 புள்ளி, அதாவது ஐந்து வரி. சிறியது 45 புள்ளி, மூன்று வரி.

அறிகுறி: ஐந்தாம் பக்கத்தில் ஆறு வரி

எழுத்தை 9.5 ஆக்கு, ஓரத்தைக் குறை என்றுதான் கை போகும். மடலை அதிகம் படிப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள் என்பது அப்போது நினைவுக்கு வராது. அதற்கு முன், சிந்தியிருப்பது ஆறு வரியா அறுபது வரியா என்று பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஆறு வரி என்றால் எளிது. கடைசி வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் நிற்கும் பாராக்களைத் தேடுங்கள். "...என்று தெரிவிக்கப்பட்டுள்ளது" என்பதை "...என்கிறார்" ஆக்கினால் அந்தச் சொல் மேலே ஏறிக்கொள்ளும், ஒரு வரி மிச்சம். நான்கு பக்க மடலில் இப்படிப்பட்ட பாரா ஆறேழு எப்போதும் கிடைக்கும். ஐந்தாம் பக்கம் முழுக்கக் காலியாக இருந்தால் வேறு கதை: அட்டவணைக்குப் பின்னால் ரைட்டர் ஒரு வெற்றுப் பாராவை வைத்தே தீரும். அதன் அளவை 1 புள்ளியாக்கினால் பக்கம் மறையும்.

அறுபது வரி என்றால் பக்கத்தில் தீராது. அது லேஅவுட் தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். நமது மடலில் பத்திக்கு 48 வரி, பக்கத்துக்கு 96, நான்கு பக்கத்துக்கு 384. உங்கள் எழுத்துருவில் இருபது வரி அமைத்து, பாரா முடியும் குறை வரிகளையும் சேர்த்தே எண்ணி, வரிக்குச் சராசரி எத்தனை சொல் என்று பாருங்கள். இங்கே 5.5 என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் அறிக்கை 620 சொல், 113 வரி. பேட்டி 440, அதாவது 80 வரி. மாடித்தோட்டம் 60 வரி, விளையாட்டு விழா 50, கூட்ட அறிவிப்பு 20, வாழ்த்து 16, அட்டவணை 24. ஆக 363. 384-க்குள் வந்துவிட்டதே என்று மகிழ்ந்துதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பெயர்ப்பட்டை இரண்டு பத்தியிலும் எட்டு எட்டு வரி எடுக்கும், 16. தலைப்புகள் பெரியது இரண்டு, சிறியது ஐந்து, மொத்தம் 25. படம் மூன்று, தலா பத்து வரி, 30. மேற்கோள் பெட்டி இரண்டு, 14. எல்லாம் சேர்த்து 448. கூடுதல் 64 வரி.

இப்போது பேரம் பேசலாம். அறிக்கையை 400 சொல்லாக்கினால் 40 வரி மிச்சமாகும். அதில் குழாய் மெக்கானிக் வந்துபோன தேதிகள் மட்டுமே பாதி இருக்கும் என்பதால் வலிக்காது. விளையாட்டு விழாவை 275 சொல்லிலிருந்து 165 ஆக்கினால் 20. அறிக்கைக்குப் போட்டிருந்த மேற்கோள் பெட்டியை எடுத்தால் 7. மொத்தம் 67; மூன்று வரி கையிருப்பு. எழுதியவரிடம் "220 சொல் குறைக்க வேண்டும், நீங்களே குறைக்கிறீர்களா, நான் குறைக்கட்டுமா?" என்று எண்ணோடு கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் சுருக்கித் தாங்க சார்" என்றால் பத்துச் சொல்தான் போகும்.

குறைந்து போய்க் கடைசிப் பத்தியில் பத்து வரி இடம் மிஞ்சினால் எடுத்த பெட்டியைத் திரும்ப வையுங்கள். வரி இடைவெளியை நீட்டி நிரப்ப வேண்டாம். அந்தப் பக்கம் மட்டும் தளர்ந்து தெரியும்.

அறிகுறி: வீட்டில் நான்கு பக்கம், ஜெராக்ஸ் கடையில் ஐந்து

கடைக்குக் கொடுத்தது மடலின் மூலக் கோப்பாக இருக்கும். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. வேறொன்று அந்த இடத்தில் உட்கார்ந்து வரிகள் எல்லாம் மாறிவிட்டன. `File > Export As` வழியாகப் பிடிஎஃப் ஆக்கி அதை மட்டும் கொடுங்கள். அச்சில் எழுத்து சற்றுச் சிறுத்து, ஓரம் அதிகமாக வந்தால், கடைக்காரர் `Fit` வைத்து அடித்திருக்கிறார், `Actual size` கேளுங்கள்.

ஏ3-ல் மடிக்கும்போது தாளின் ஒரு புறத்தில் 4-ஆம் பக்கமும் 1-ஆம் பக்கமும், மறுபுறத்தில் 2-உம் 3-உம் வர வேண்டும். அடோபி ரீடரில் அச்சுப் பெட்டியில் `Booklet` கொடுத்தால் அதுவே அடுக்கிக்கொள்ளும். இருபுற அச்சில் தாள் சிறிய ஓரத்தில் திரும்ப வேண்டும். இல்லையென்றால் உள்பக்கங்கள் தலைகீழாக வரும். முதலில் ஒரு பிரதி மட்டும் அடித்து மடித்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.